முன்னும் பின்னும் ஒரே திரையில்: பட்டறைக்காரர்களின் நான்கு கேள்விகள்

அண்ணா, பொள்ளாச்சி ரோட்டுல டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கேனுங்க. பைக் டேங்க் நசுங்கி வந்ததை ஒரு படம் எடுத்துக்கறேன், ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடிச்சதும் இன்னொண்ணு எடுக்கறேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சா பெயிண்ட் புதுசுன்னுதான் தெரியுது. ஒடுக்கு போனது யாருக்கும் தெரியறதில்லை. ஏனுங்க?

தம்பி, ஒடுக்குக்கு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. அதன் மேல் விழும் நிழலும், பளபளப்பில் தெரியும் பிம்பம் கோணுவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால் நிழலே விழாது, பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். போனின் ஃபிளாஷ் செய்வது அதைத்தான். அதனால் முதல் வேலையாக ஃபிளாஷை அணையுங்கள்.

அடுத்து, நாலடி டியூப்லைட் ஒன்றைக் கழற்றி, டேங்க்கின் நீளவாக்கிலேயே, பக்கவாட்டில் மூன்றடி தள்ளிப் படுக்கை வசமாகக் கட்டுங்கள். மற்ற விளக்குகளை அணைத்து, பட்டறைக் கதவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுங்கள். டேங்க்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், டியூப்பின் பிம்பம் அதன் மேல் நீளமான வெள்ளைக் கோடாக ஓடும். நல்ல இடத்தில் கோடு வழுவழுவென்று போகும். ஒடுக்கு இருக்கும் இடத்தில் பாம்பு நெளிவது போல வளையும், ஆழமான ஒடுக்காக இருந்தால் அங்கே அறுந்தே போகும். அந்தக் கோடு ஒடுக்கின் நடுவே விழும்வரை டியூப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்புறம் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் அதே கோடு நெளியாமல் ஓடுவதைப் பார்ப்பவர்களுக்கு நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பட்டி பார்த்த நிலையிலும் பிரைமர் அடித்த நிலையிலும் மேற்பரப்பு மங்கலாக இருக்கும், அதில் பிம்பம் தெரியாது. இந்த முறை ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் மட்டும்தான்.

இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு வாரம் போய்விடும். அதற்குள் எல்லாம் இடம் மாறியிருக்கும். அதனால் முதல் படம் எடுக்கும்போதே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை நேராக வைத்து, தரையில் படும் சக்கரமும் ஸ்டாண்டின் இரண்டு காலும் தொடும் இடங்களைப் பெயிண்டால் குறியுங்கள். சாக்பீஸ் கோடு ஒரு நாள் கூட்டினாலே போய்விடும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் சாய்வு மாறும், கோட்டின் வளைவும் மாறும். ட்ரைபாட் கால் மூன்றுக்கும், டியூப் கட்டிய கம்பிக்கும் அதே மாதிரி குறி போடுங்கள். தரையிலிருந்து போன் எத்தனை அங்குல உயரம் என்று டேப் பிடித்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுவது அந்த நேரத்துக்கு மட்டும்தான் நிற்கும், கேமராவை மூடினால் போய்விடும். ஒரு வாரம் கழித்தும் அதே அளவு வேண்டும் என்றால் Pro மோடுக்குப் போய் ISO, ஷட்டர், WB மூன்றையும் கையால் வைத்து அந்த எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஷட்டரை 1/100 என்று வையுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அதோடு பொருந்தாத வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும்.

இன்னொன்று. இதே வேலைக்காக நான் போன ஒரு பட்டறையில் எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தும், “இது வேற வண்டிங்க” என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காரணம், டேங்க் மட்டும் தெரியும்படி நெருக்கமாக எடுத்திருந்தார்கள். மறுமுறை சற்றுப் பின்னால் தள்ளி, சீட்டின் முன்பக்கக் கிழிசலும் சேர்ந்து விழும்படி எடுத்தோம். சீட்டை யாரும் தொடவில்லை, அந்தக் கிழிசல் இரண்டு படத்திலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. சரிசெய்யாத ஒன்றை எப்போதும் ஃபிரேமுக்குள் விட்டுவையுங்கள்.

சேர்க்கும்போது, ஒரே டேங்க்கை நடுவில் வெட்டி இடது பாதி பழசு, வலது பாதி புதுசு என்று வைக்க வேண்டாம். ஒடுக்கு வலது பக்கம் இருந்தால் பழசில் அது மறைந்தே போய்விடும். நிற்கும் படம் என்றால் முழு டேங்க்கை மேலும் கீழுமாக இரண்டு முறை காட்டுங்கள். வீடியோ என்றால் பழசை 2 நொடி அசையாமல் நிறுத்தி, பழசையும் புதுசையும் பிரிக்கும் கோட்டை 3 நொடியில் ஒரே வேகமாக நகர்த்துங்கள். கோடு ஒடுக்கைத் தாண்டும் அந்த அரை நொடியில், நெளிந்த வெளிச்சம் நிமிர்வது கண் முன்னாலேயே தெரியும்.

பவானியில ஒரு திண்ணை வீட்டைப் புதுப்பிச்சுக் கொடுத்தோமுங்க. ஆரம்பிக்கறப்ப படம் எடுக்காம விட்டுட்டோம். வீட்டுக்காரர் போன்ல ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு படம் இருக்குது. இப்ப எடுக்கற படம் அதோட ஒட்டவே மாட்டேங்குது. ஜூம் பண்ணிப் பார்த்தாலும் தூண் ஒட்டினா ஜன்னல் ஒட்டறதில்லை.

நீங்கள் ஜூமில் சரிசெய்யப் பார்க்கிறீர்கள், மேஸ்திரி. தப்பு அங்கேதான். தூணுக்கும் பின்னால் இருக்கும் ஜன்னலுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம் மட்டும்தான். தப்பான இடத்தில் நின்றுவிட்டால் எவ்வளவு ஜூம் செய்தாலும் ஒன்று ஒட்டும்போது மற்றது விலகும்.

முதலில் அந்தப் பழைய படத்தை வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வரும். அதை வேறொரு போனில் திறந்து கையில் பிடித்துக்கொண்டு வீட்டின் எதிரே நில்லுங்கள். இப்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்னால் இருக்கும் பொருள் பின்னால் இருப்பதில் எவ்வளவை மறைக்கிறது? பழைய படத்தில் திண்ணைத் தூணுக்கு வலப்புறம் ஜன்னலில் மூன்று கம்பி தெரிகிறது, இப்போது ஒன்றுதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வலது பக்கம் நகர வேண்டும். நகர நகரத் தூண் இடது பக்கம் ஒதுங்கி, கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்றாவது கம்பி வந்ததும் நின்றுவிடுங்கள். தூண் ஒன்றை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், வீட்டின் இன்னொரு ஓரத்திலும் இதே போல ஒரு ஜோடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் ஒன்றுதான் இருக்கும். முன்னும் பின்னும் நடந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உயரத்துக்கும் அதே கணக்குதான். திண்ணையின் முன்விளிம்பு வாசல்படியை எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். பழைய படத்தைவிட அதிகமாக மறைத்தால் போனை உயர்த்துங்கள், குறைவாக மறைத்தால் இறக்குங்கள். பழைய படம் எடுத்தவர் குள்ளமாக இருந்திருக்கலாம், திருப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்துகூட எடுத்திருக்கலாம். இடமும் உயரமும் அமைந்த பிறகுதான் ஜூமும் வெட்டுவதும். பழசைவிட அகலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் ஆப்பில் புதுப் படத்தின் மேல் பழசைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, இழுத்துப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்திப் பார்க்க இடிக்காமல் விட்ட பகுதியை மட்டும் நம்புங்கள். பக்கத்து வீட்டுச் சுவர், கரண்ட் கம்பம், நிலைப்படி இவை நகராது. புதிதாகப் பூசிய சுவர் சற்றுத் தடித்திருக்கலாம்.

வெளிச்சத்துக்கு, பழைய படத்தில் கூரை நிழல் சுவரில் எந்த மட்டத்தில் விழுகிறது என்று பார்த்து அந்த நேரத்துக்குப் போங்கள். மாதம் மாறினால் சூரியனின் உயரமும் மாறும் என்பதால் நிழல் அச்சாகப் பொருந்தாது, ஆனால் வெயில் வரும் பக்கமாவது ஒன்றாக இருக்கும். ஓரமெல்லாம் வளைந்து தெரிந்தால் அது 0.5 லென்ஸில் எடுத்த படம். நீங்களும் அதிலேயே எடுங்கள்.

சிங்காநல்லூரில் மோட்டார் ரிவைண்டிங் கடை. பேரிங் மாற்றுவதற்கு முன் கரகரவென்று கத்திய மோட்டார் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைத்தால் சத்தம் ஒரே மாதிரி கேட்கிறது.

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, இரண்டு பக்கச் சத்தமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. கண்ணுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துக் காட்டலாம், காதுக்கு அது ஒரே இரைச்சல்தான். அதனால் திரையில் இரண்டும் இருக்கட்டும், ஓடுவது ஒன்றாக இருக்கட்டும். பழசு 4 நொடி சத்தத்தோடு ஓடும்போது புதுசு உறைந்து சற்று மங்கலாக நிற்கட்டும். அப்புறம் அது நின்று இது ஓடட்டும்.

இன்னொரு காரணம் போனிலேயே இருக்கிறது. சத்தம் அதிகமானால் மைக்கின் அளவைக் குறைப்பதும், குறைந்தால் கூட்டுவதும் அது தானாகவே செய்யும். அமைதியான மோட்டாரைக்கூட அப்படித்தான் பெரிதாக்கிவிடுகிறது. இதற்கு எளிய வழி உங்கள் குரல்தான். இரண்டு முறையும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போனிலிருந்து ஒரே தூரத்தில் நின்று, அதே தொனியில் ஒரு வரி சொல்லுங்கள்: “ஒன்றரை எச்பி மோட்டார், லோடு இல்லாமல் ஓடுது.” எடிட் செய்யும்போது இரண்டிலும் குரல் சம அளவாகக் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். குரல் சமமாகிவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் மோட்டாருடையது. ஆப்பில் இரைச்சலை நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் காட்ட வந்த கரகரப்பையே அது துடைத்துவிடும்.

திருப்பூர். கறைபட்ட வெள்ளை டி-ஷர்ட்டுகளைச் சுத்தம் செய்கிறோம். பழசு மஞ்சளாகவும் புதுசு நீலமாகவும் விழுவதால் “ஃபில்டர் போட்டது” என்கிறார்கள். கம்ப்யூட்டரில் வேகமாகச் சேர்க்கவும் வழி வேண்டும்.

துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். இரண்டு படத்துக்கும் அதே தாள், அதே வெளிச்சம். நிறத்தைச் சரிசெய்யும்போது துணியைப் பார்க்கவே வேண்டாம், தாள் இரண்டிலும் ஒரே வெள்ளையாக வந்தால் நிறுத்திவிடுங்கள். தாளை வெட்டி எறியாமல் படத்திலேயே விட்டால் பார்ப்பவர்களும் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

ரீல்ஸ் திரை 1080க்கு 1920. இடம் வலமாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 540 அகலம்தான் கிடைக்கும், டி-ஷர்ட்டின் கை இரண்டும் வெட்டுப்படும். மேல் கீழாகப் பிரித்தால் 1080க்கு 960, விரித்த சட்டைக்கு அது போதும். ffmpeg என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு படத்தையும் before.jpg, after.jpg என்ற பெயரில் ஒரே ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து இந்த ஒரு வரியைக் கொடுத்தால் சேர்த்துக்கொடுக்கும்:

```
ffmpeg -i before.jpg -i after.jpg -filter_complex "[0:v]scale=1080:960:force_original_aspect_ratio=increase,crop=1080:960[a];[1:v]scale=1080:960:force_original_aspect_ratio=increase,crop=1080:960[b];[a][b]vstack" out.jpg
```

இது நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரத்தை வெட்டும். அதனால் எடுக்கும்போதே கறையை ஃபிரேமின் நடுவில் வையுங்கள், தாளை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வையுங்கள். before.jpg மேலே வரும்.