வரதட்சணை பெண்ணின் சொத்துப் பங்கா?

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் பிளஸ் டூ வகுப்பில் வரதட்சணை பற்றி விவாதம். “பெண்ணுக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கைத்தானே நகையாகப் போடுகிறார்கள், இதில் என்ன அநியாயம்?” என்கிறது எதிரணி. எனக்குப் பதில் தெரியவில்லை அம்மா. – ஒரு மாணவி

பதில்: ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார், கண்ணு. ஓர் அப்பாவுக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். மூத்தவளுக்கு மளிகைக் கடைக்காரர் மாப்பிள்ளை. 15 பவுன் போதும் என்றார்கள். இளையவளுக்கு இன்ஜினீயர், 50 பவுனும் காரும் கேட்டார்கள். ஒரே அப்பாவின் பெண்களுக்குப் பங்கு எப்படி இரண்டு அளவில் இருக்கும்? தொகையைத் தீர்மானித்தது மாப்பிள்ளையின் சம்பளம். கல்யாணமே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு பெண் இருந்திருந்தால், அவளுக்கு ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடைத்திருக்காது.

சொத்துப் பங்கு அப்படியில்லை. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அது அவளுடையது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. அப்போது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை வைக்கவில்லை.

ஆனால் நடப்பது என்ன? சில வருஷம் கழித்து அண்ணன், அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தோடு வந்து நிற்பான். “உனக்குத்தான் கல்யாணத்துல எல்லாம் செஞ்சாச்சே, ஒரு கையெழுத்துப் போடும்மா” என்பான். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அவளும் போட்டுவிடுவாள். பங்குக்கு ஈடு என்று சொல்லப்பட்ட நகையே பங்கைப் பறிக்கும் காரணமாகிவிடுகிறது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

பேச்சு நடக்கும் விதத்தையும் கவனி. கூடத்தில் காபி குடித்தபடி, “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க” என்பார்கள். அடுத்த வார்த்தை, “பெரியவனுக்கு 60 பவுன் வந்துச்சு.” உள்ளே கதவோரம் நிற்பவள் தன் விலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கே விலைதான் பேசுகிறார்கள். அவனுக்கும் அது அவமானம்தான்.

கேட்காமல், மனமுவந்து கொடுக்கும் பரிசை 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 1985 விதிகளின்படி அதற்குப் பட்டியல் வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் அவளிடமே இருக்க வேண்டும். வரதட்சணையாகவே வேறு யாராவது வாங்கியிருந்தாலும், கல்யாணத்துக்கு முன் வாங்கியதைக் கல்யாணம் முடிந்து மூன்று மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும்.

எதிரணியிடம் இதைக் கேள்: உங்களுக்குத் தெரிந்த எந்தக் கல்யாணத்தில் அந்தப் பட்டியலை எழுதினார்கள்? அந்த 50 பவுன் இருக்கும் லாக்கரின் சாவி இன்று யாரிடம் இருக்கிறது?