அம்மம்மாவின் படத்துக்கு முன் விளக்கும் மாலையும்

“ஹோலில் அம்மம்மாவின் படத்துக்கு விளக்கும் மாலையும் வைக்கப் போகிறோம், கிளிநொச்சி வீடு. எப்படி வைத்தால் படம் பழுதாகாது?”

சுவாமிப் படங்களோடு சேர்க்காமல், மழை ஊறாத உட்சுவரில் மாட்டுங்கள். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு முழம் முன்தள்ளி வையுங்கள். திரி நீண்டு புகைந்தால் கண்ணாடியின் கீழ் விளிம்பு கறுக்கும்.

விளக்கை விட மாலையே கூடுதலாகக் கெடுக்கும். ஈரப் பூமாலையைச் சட்டத்தின் மேலேயே போட்டால், மாரிகாலத்தில் நீர் உள்ளே இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்த பின், அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த எங்கள் அப்பப்பாவின் படம் நெற்றியில் பளபளவென்று ஒட்டியிருந்தது. இழுத்தபோது, அந்த இடம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஒட்டியிருந்தால் இழுக்காமல் கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் விளிம்பைச் சுற்றித் தடித்த மட்டை வைக்கச் சொல்லுங்கள்; பூமாலையை ஈரம் போக உதறிப் போட்டு, அன்று பின்னேரமே கழற்றிவிடுங்கள்.