பிள்ளைக்கு ஃபேஸ்வாஷ், காசு அம்மாவுடையது: விளம்பரம் யாருக்கு?

"முகப்பரு வரும் வயதுப் பிள்ளைகளுக்கான ஃபேஸ்வாஷ் விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் 13 முதல் 17 வயது என்று வைத்து விளம்பரம் ஓட்டினேன். லைக் நிறைய, ஆர்டர் குறைவு. அம்மாக்களுக்குப் போட்டால் 'என் பொண்ணு இதைப் போடமாட்டா' என்கிறார்கள். யாருக்குத்தான் போடுவது?" – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

காசு கொடுத்து ஓட்டும் விளம்பரம் முழுவதும் பெற்றோருக்குப் போகட்டும். பிள்ளைகள் உங்கள் பக்கத்தைத் தாங்களாகவே தேடி வந்து பார்க்கட்டும்.

பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரம் ஏன் எடுபடவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்ட, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா இப்போது வயதையும் ஊரையும் மட்டுமே எடுத்துக்கொள்ள விடுகிறது. விருப்பங்களை வைத்துத் தேர்ந்தெடுப்பது 2021இல் போனது, ஆண் பெண் என்று பிரிப்பது 2023இல் போனது. ஆகவே பரு இருக்கிற பிள்ளை, இல்லாத பிள்ளை எல்லாருக்கும் காட்டித்தான் காசு கரைந்திருக்கும். சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது.

சரி, பெற்றோருக்கு என்று எப்படி அமைப்பது? பலர் தவறுவது இங்கேதான். யாருக்குக் காட்டுவது என்பதை மெட்டாவே தேர்ந்தெடுக்கும் Advantage+ audience வைத்திருந்தால், நீங்கள் கொடுக்கும் 35–50 என்ற வயது வரம்பை மெட்டா வெறும் யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். மீறக்கூடாத எல்லை வேண்டுமென்றால் Minimum age என்ற இடத்தில் 25 என்று வையுங்கள். நாலைந்து நாள் கழித்து Ads Manager-இல் Breakdown போய் வயதுவாரியாகச் செலவைப் பாருங்கள். 13–17 வரிசையில் ஒரு ரூபாய் போயிருந்தாலும் அமைப்பு சரியில்லை என்று அர்த்தம்.

அம்மாவிடம் என்ன பேசுவது? 'ஏழே நாளில் பளிச்' என்பது வேண்டாம். குணப்படுத்தும் என்றும் சொல்லாதீர்கள். அது மருந்துக்கான பேச்சு, உங்கள் உரிமம் அழகுப்பொருளுக்கானது. அம்மாவின் கேள்விகள் வேறு: இதில் சாலிசிலிக் அமிலம் எத்தனை சதவீதம், தோல் வறண்டால் என்ன செய்வது, எப்போது டாக்டரிடம் போக வேண்டும். மூன்றுக்கும் முப்பது நொடியில் பதில் சொல்லும் ஒரு வீடியோ போதும். 'வலியோடு பெரிய கட்டியாக வந்தால் இது போதாது, தோல் மருத்துவரைப் பாருங்கள்' என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். அந்த வரியால்தான் மற்றதையும் அவர் நம்புவார்.

பிள்ளைகள் பார்க்கும் பக்கத்தில்தான் கவனம் அதிகம் தேவை. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் 2022ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதலின்படி, பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணவைக்கும் விளம்பரம் கூடாது. வாங்கித்தரச் சொல்லிப் பெற்றோரை நச்சரிக்கத் தூண்டுவதும் கூடாது. 'இந்த மூஞ்சியோட ஃபேர்வெல் போவியா?' என்ற ரீல்ஸ் எவ்வளவு ஓடினாலும் தப்பு. 'அம்மாகிட்ட இன்னைக்கே கேளு' என்பதும் அதே கணக்குதான். அதே ரீல்ஸில் 'பருவைக் கிள்ளினால் தழும்பாவது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை முறை முகம் கழுவலாம்' என்று சொல்லித்தாருங்கள். பொருள் ஓரமாக இருந்தால் போதும்.

பிள்ளைகளின் முன்–பின் படப் போட்டி வேண்டவே வேண்டாம். கமெண்டில் ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டால் அங்கேயே பதில் சொல்லுங்கள். 'டிஎம் பண்ணு, போட்டோ அனுப்பு' என்று தனியே கூப்பிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு கூப்பிட்டாலும் பார்க்கிற பெற்றோருக்கு அப்படித் தெரியாது.

இரண்டு பக்கமும் சேரும் இடம் ஆர்டர் படிவம். தளத்தில் 'வீட்டில் பெரியவருக்கு அனுப்பு' என்று ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள். அழுத்தினால் பிள்ளையின் போனிலிருந்தே இணைப்பு போகும். உங்களிடம் பெயரோ எண்ணோ தங்காது. படிவத்தில் 'பணம் கட்டும் பெரியவரின் எண்' என்று தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே 'மொபைல் எண்' என்றால் பிள்ளை தன் எண்ணைப் போடும், நீங்கள் அந்தப் பட்டியலை அப்படியே மெட்டாவில் ஏற்றுவீர்கள், குழந்தைகளின் எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகிவிடும்.

அப்புறம், திரும்பி வரும் கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களைப் பாருங்கள். 'யார் ஆர்டர் பண்ணினதுன்னே தெரியலை' என்று வீட்டில் மறுத்தவை தனியாக எத்தனை என்று குறித்துவையுங்கள். அது கூடினால் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் ஆர்டர் போடுகிறார்கள். அந்த எண்ணிக்கை குறையும்வரை கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரைப் பெரியவரிடம் ஒரு போன் போட்டு உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.