ரத்ததானக் குழுவில் பேசாமல் இருப்பவர்களை என்ன செய்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரத்ததானத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 1024 பேர் சேர்ந்து குழு நிரம்பிவிட்டது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அறுபது பேர் சேர வேண்டும் என்கிறார்கள், இடமில்லை. இருப்பவர்களில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. அவர்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா? எல்லாரும் சொந்தமும் பழக்கமும்தான். சந்தையிலும் கல்யாண வீட்டிலும் முகத்தில் முழிக்க வேண்டும். யார் மனசும் நோகாமல் எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்கலாம். ஆனால் யாரை எடுப்பது என்பதில் அவசரப்பட வேண்டாம். ரத்ததானக் குழுவில் ஒருவர் பேசுகிறாரா என்பதை வைத்து அவரை எடைபோட முடியாது. ஒரு முறை ரத்தம் கொடுத்த ஆண் 3 மாதமும், பெண் 4 மாதமும் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஜனவரியில் கோயம்புத்தூர் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தவர், பிப்ரவரியில் "பி பாசிட்டிவ் உடனே தேவை" என்று பார்த்தால் பேசாமல்தான் இருப்பார். நெகட்டிவ் வகைக்காரர்கள் இன்னும் அமைதியாக இருப்பார்கள். அவர்களுக்கான அழைப்பே எப்போதாவதுதான் வரும், அதுவரை அவர்கள் பேச என்ன இருக்கிறது? நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நெகட்டிவ் ரத்தம் இருக்கிறது. பேசாதவர் என்று ஒரு ஓ நெகட்டிவ்காரரை எடுத்துவிட்டு, நடுராத்திரியில் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் நம்பரைத் தேடும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டு. பெயர், ரத்த வகை, போன் நம்பர், இப்போது இருக்கும் ஊர், கடைசியாகக் கொடுத்த மாதம் என்று ஐந்து கட்டம் போதும். ஊர் முக்கியம். கொழிஞ்சாம்பாறையில் பிறந்து இப்போது திருப்பூரில் வேலை செய்கிறவர் பாலக்காட்டுக்குத் தூரம், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கம். இந்த நோட்டு கையில் இருந்தால், ஒருவர் குழுவை விட்டுப் போனாலும் ரத்தம் கொடுப்பவர் பட்டியலை விட்டுப் போக மாட்டார். உங்கள் சிக்கல் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். "உங்களை எடுத்துவிட்டோம்" என்று சொல்ல வேண்டியதே இல்லை. "குழுவில் இடம் வேண்டியிருக்கிறது, உங்கள் பேர் நோட்டில் இருக்கிறது, தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லலாம். அது மனசு நோகாமல் இருக்கச் சொல்லும் சமாதானம் இல்லை, உண்மையே அதுதான்.

அடுத்து, யார் உண்மையிலேயே குழுவில் இல்லை என்று பாருங்கள். குழுவில் நீங்களே போட்ட ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து Info போனால், Read by என்று ஒரு பட்டியலும் Delivered to என்று ஒரு பட்டியலும் வரும். மற்றவர்கள் போட்ட செய்திக்கு இது வராது, உங்கள் செய்திக்கு மட்டும்தான். தனிப் பேச்சில் நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள்கூட குழுவில் பார்த்தால் இங்கே தெரிந்துவிடும். ஒரே செய்தியை வைத்து முடிவுகட்ட வேண்டாம். சில வாரம் இடைவெளியில் போட்ட மூன்று செய்திகளை எடுத்து ஒத்துப் பாருங்கள்.

மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள். Read by-யில் இருப்பவர்கள் பேசாவிட்டாலும் பார்க்கிறார்கள், அவர்களைத் தொடவே வேண்டாம். Delivered to-வில் மட்டும் நிற்பவர்கள் குழுவை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். செய்தி போய்ச் சேருகிறது, திறப்பதில்லை. இரண்டிலும் இல்லாதவர்களின் போனுக்குச் செய்தியே போகவில்லை. பெரும்பாலும் நம்பர் மாறியிருக்கும், இல்லை வெளிநாடு போனவர் பழைய சிம்மைக் கைவிட்டிருப்பார்.

உங்களுக்கு வேண்டியது அறுபது இடம். பாதிக் குழுவைக் காலி செய்யும் வேலையே இல்லை. மூன்று செய்திகளும் போகாதவர்கள் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களைப் போனில் கூப்பிட்டுப் பார்த்து, உபயோகத்தில் இல்லை என்று வந்தால் எடுத்துவிடலாம், அங்கே மனசு நோக யாரும் இல்லை. புது நம்பர் கிடைத்தால் நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். மீதி வேண்டியது இருபது இடம்தான். பின்னால் வருபவர்களையும் சேர்த்து ஐம்பது இடம் என்றே வைத்துக்கொண்டாலும், திறக்காமல் ஒதுக்கி வைத்திருப்பவர்களில் ஐம்பது அறுபது பேரிடம் பேசினால் போதும். அந்த அளவுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச உங்களால் முடியும்.

ஒரு எச்சரிக்கை. கூப்பிடும்போது எடுப்பது அந்த வீட்டு அம்மாவாக இருக்கலாம், "அவர் போய்ச் சேர்ந்துட்டாருங்க" என்று சொல்லலாம். அப்படி வந்தால் அந்த நம்பரை நீங்களாக எடுக்காதீர்கள். இறந்தவர் போனை மனைவியோ பிள்ளையோ வைத்திருந்து குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது நடக்கிற விஷயம். இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயது ஆனவன் என்றால், அப்பா இடத்தில் தானே சேர்கிறேன் என்று சொல்லவும் செய்வான்.

இனி சத்தம். நீங்கள் ஒருவரை எடுத்தால், இன்னார் இன்னாரை எடுத்தார் என்று குழுவில் ஒரு வரி விழும். ஒரே நாளில் ஐம்பது பேரை எடுத்தால் ஐம்பது வரி. மற்றவர்களுக்கு அடுத்து நான்தானோ என்று திக்கென்று இருக்கும். ஆனால் ஒருவர் தானாக வெளியே போனால் அந்தச் சேதி அட்மின்களுக்கு மட்டும்தான் போகும். 2022-இல் வாட்ஸ்அப் செய்த மாற்றம் இது. ஆகவே உங்களுக்கு உகந்த வழி, நீங்கள் எடுக்காமல் அவர்களே போகும்படி கேட்பது. விலகியவர்கள் பட்டியலை 60 நாள் வரை குழுவில் யார் தேடினாலும் பார்க்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? நம்ம ரத்ததானக் குழு 1024 பேரோட நிரம்பிடுச்சுங்க, காலேஜ் பசங்களுக்கு இடம் வேணும். உங்க பேரு, ரத்த வகை எல்லாம் என் நோட்டுல இருக்குங்க, தேவைப்பட்டா நானே கூப்பிடறேன். குழுவுல இருக்கணும்னா 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை போடுங்க, அப்படியே இருங்க. இல்லீன்னா நீங்களே வெளிய வந்துக்கலாம், குழுவுல எல்லாருக்கும் சேதி போகாது. மறுபடி சேரணும்னா எப்ப வேணா சொல்லுங்க."

மலையாளம் பேசுகிற சேட்டன், சேச்சிகளுக்கு இதையே மலையாளத்தில் எழுதுங்கள். தமிழில் வந்த செய்தியை அவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் போடாதீர்கள், உங்கள் நம்பரைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அது போகவே போகாது. தினம் பத்துப் பேர், அவரவர் உறவுமுறை போட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள்.

குழுவில் ஓட்டெடுப்பு வைத்து "யார் இருக்கிறீர்கள், யார் போகிறீர்கள்" என்று கேட்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். யார் எதை அழுத்தினார் என்று எல்லாருக்கும் பெயரோடு தெரியும். ஏன் கொடுப்பதில்லை என்று தனியாகவும் கேட்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள், இதய நோய் வந்தவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது. கொடுத்த ரத்தத்தை ரத்த வங்கியில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் உட்பட ஐந்து தொற்றுகளுக்குப் பரிசோதிப்பார்கள், அதில் ஏதாவது தெரிந்து ஒதுங்கியவரும் இருக்கலாம். அவர்கள் ஒரு காரணமும் சொல்லாமல் மரியாதையோடு வெளியே போகும்படி நம் பேச்சு இருக்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

"இருக்கேன்" என்று யார் போட்டாலும் மறுபேச்சு இல்லாமல் விட்டுவிடுங்கள். பதிலே வராதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போடுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் ஒரு நாளைக்கு நாலைந்து பேராக, குழு அமைதியாக இருக்கும் மத்தியான நேரத்தில் எடுங்கள். அதற்கு முன் குழுவில் பொதுவாக ஒரு முறை, "புதியவர்களுக்கு இடம் விட நம்பர் மாறியவர்களையும் குழுவைப் பார்க்க முடியாதவர்களையும் நோட்டுக்கு மாற்றுகிறோம்" என்று போட்டுவிடுங்கள். பெயர்ப் பட்டியல் போட வேண்டாம். நெகட்டிவ்காரர்களை மட்டும், பதில் வராவிட்டாலும் எடுக்காதீர்கள்.

இத்தனை பேர் ஏன் குழுவைத் திறக்காமல் விட்டார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். காலை வணக்கப் படமும் கோயில் திருவிழா வீடியோவும் நாள் முழுக்க வந்தால், ரத்தம் கேட்கும் செய்தி அதற்குள் புதைந்துபோகும், ஜனங்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். குழு அமைப்பில் அட்மின்கள் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றுங்கள். நம்பிக்கையான நாலைந்து பேரை அட்மின் ஆக்குங்கள், கொடுக்க வருகிறவர் அவர்களைக் கூப்பிடட்டும். இதைச் செய்யாவிட்டால் இன்று சேரும் கல்லூரிப் பிள்ளைகளே அடுத்த வருஷம் இதே பட்டியலில் நிற்பார்கள்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் யாராவது ஒரு பெரியவர் சந்தையில் பிடித்து, "என்னம்மா, என்னைத் தூக்கிட்டயாமே?" என்று கேட்கத்தான் செய்வார். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த இடத்திலேயே போனை எடுத்து, "வாங்க மாமா, இப்பவே சேர்த்துடறேன்" என்று அவர் கண்ணெதிரே சேர்த்துவிடுங்கள். லிங்க் அனுப்பாமல் நீங்களே சேர்ப்பது நல்லது. அட்மின் எடுத்தவர்கள் லிங்க் வழியாகத் திரும்பி வர முடியாமல் போவதுண்டு. அதற்காகவே ஐந்து பத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.