மளிகையில் எதை எவ்வளவு இருப்பு வைப்பது?

கேள்வி: ஐந்து பேர் உள்ள வீடு. மாதச் சாமான் மொத்தமாக வாங்கியும் நடுவில் ஏதாவது தீர்ந்துபோகிறது. சில பொருள் மட்டும் மூன்று நான்கு பாக்கெட் சேர்ந்து கிடக்கிறது. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினோம், ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. சுலபமான வழி ஏதாவது இருக்கிறதா?

நோட்டை விட்டுவிடுங்கள். அடுப்பில் எண்ணெய் காயும்போது யாரும் பேனாவைத் தேட மாட்டார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளும் எந்த அளவுக்கு இறங்கினால் வாங்கச் சொல்ல வேண்டும்? அந்த அளவையும் கிலோவில் யோசிக்காமல், "இன்னும் எத்தனை தடவைக்கு வரும்" என்று யோசித்துப் பாருங்கள்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான், வாரத்துக்கு இரண்டு தடவை மாவு அரைப்போம். ஒரு தடவைக்கு ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். கடைக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால் திங்கட்கிழமை ஒரு பொருள் குறைகிறது என்று தெரிந்தால், அது வீட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்துக்கு இரண்டு அரைப்பு, யாராவது வந்துவிட்டால் இன்னொன்று. மூன்று தடவைக்கு என்றால் அரிசி 3 கிலோ, உளுந்து முக்கால் கிலோ. இதுதான் குறைந்தபட்ச இருப்பு. உளுந்து தாளிப்புக்கும் வடைக்கும் போகும் என்பதால் அதை மட்டும் ஒரு கிலோ ஆக்கிவிட்டோம்.

எல்லாப் பொருளுக்கும் கணக்கு இதேதான்: அடுத்த சரக்கு வரும்வரை எத்தனை தடவை தேவைப்படும், அதோடு ஒன்று கூட. மாதத்துக்கு ஒரே முறை வாங்கும் வீட்டில் ஏன் அடிக்கடி தட்டுப்பாடு என்பதும் இதிலிருந்தே தெரியும். அங்கே காத்திருக்கும் நாள் முப்பது. ஒரு மாதச் சரக்கைக் கையிருப்பாக வைத்தால்தான் தாங்கும். அதற்கு டப்பாவும் போதாது, பருப்பில் வண்டும் விழும். மாதச் சாமானை நிறுத்த வேண்டாம். நடுவில் ஒரு சின்ன வாங்கல் மட்டும் வையுங்கள், இருப்பு பாதியாகக் குறையும்.

சரி, குறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தினமும் டப்பாவைத் திறந்து பார்க்க முடியாது. பாக்கெட்டில் வரும் பொருளுக்கு நாங்கள் வைத்திருப்பது இரண்டு பாக்கெட் முறை. ஒன்று டப்பாவில், ஒன்று மேல்தட்டில் பிரிக்காமல். மேல்தட்டுப் பாக்கெட்டை யார் பிரிக்கிறாரோ அவர் உடனே பட்டியலில் ஏற்ற வேண்டும். பிரிப்பதுதான் மணி அடிப்பது மாதிரி. துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, உப்பு எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன. பிரிக்கும்போது பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் தேதியும் எழுதிவிடுங்கள். கடலை எண்ணெயில் 3ஆம் தேதி என்று இருந்து, அடுத்ததை 15ஆம் தேதி பிரித்தால் ஒரு லிட்டர் பன்னிரண்டு நாள் ஓடுகிறது. நோட்டில் எழுதி எழுதிக் கண்டுபிடிக்க நினைத்தது இதைத்தானே?

அரிசிக்கு இது ஒத்துவராது. 26 கிலோ சிப்பத்தை இரண்டு வாங்கி அடுக்கினால் நடக்க இடமிருக்காது. அரிசி டிரம்மின் உள்பக்கம், ஒரு வாரத்துக்கு மேல் கொஞ்சம் வரும் உயரத்தில் ஒரு கோடு போட்டோம். படி கோட்டுக்குக் கீழே போனால் சிப்பம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புதுச் சரக்கைப் பழையதன் மேலேயே கொட்டும் பழக்கம் இருந்தால் இந்த ஏற்பாடு முழுக்கக் கெடும். அடியில் கிடக்கும் ரவையும் கடலை மாவும் வெளியே வரவே வராது. நூலாம்படை போல மாவு ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்தால் புழு வைத்தாயிற்று என்று அர்த்தம். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் டப்பாவைக் காலி செய்து, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு புதியதைக் கொட்டி, பழையதை அதன் மேல் போடுங்கள். ரவை, மைதா, கடலை மாவுக்கு இரண்டு பாக்கெட்டும் வேண்டாம். ஒன்று தீரும்போது அடுத்தது போதும். இவை இல்லாவிட்டால் ஒருநாள் உப்புமா தள்ளிப்போகும், அதனால் என்ன?

எதற்குக் குறைந்தபட்சம் வைப்பது என்பதற்கும் அதுதான் அளவுகோல். இல்லாவிட்டால் அன்றைய சமையல் நிற்குமா? நிற்கும் என்றால் மட்டும் வையுங்கள். பதினைந்து, இருபது பொருளுக்கு மேல் தேறாது. வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி வைக்கும் புளியும், கோடையில் காயவைத்து மிஷினில் அரைக்கும் மிளகாய்த்தூளும் இந்தக் கணக்கில் சேராது. காபித்தூளை இருப்பு வைத்தால் மணம் போய்விடும். அதைக் கால் கிலோவாக அடிக்கடி வாங்குவதே சரி.

ரேஷனில் வரும் துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரையை இருப்பில் சேர்த்து எண்ணுங்கள், ஆனால் கைக்கு வந்த பிறகு. அது எந்தத் தேதியில் கிடைக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். வரப்போகிறது என்று நம்பிப் பட்டியலில் எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் சாம்பார் நிற்கும்.

இனி பட்டியல். வாட்ஸப் குழுவில் எழுதினால் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும், எது வாங்கியாயிற்று என்றும் தெரியாது. நாங்கள் கூகுள் கீப் ஆப்பில் ஒரே ஒரு பட்டியல் போட்டு, `Collaborator` வழியாக எல்லோர் போனுக்கும் பகிர்ந்திருக்கிறோம். எல்லாப் பொருளையும் ஒருமுறை முழுப் பெயரோடு தட்டச்சு செய்தாயிற்று. "உளுந்து" என்று எழுதாதீர்கள், கடைக்குப் போன பையன் உடைத்த உளுந்தோடு வருவான். "உருட்டு உளுந்து 1 கிலோ" என்று எழுதுங்கள். வாங்கியதை டிக் செய்தால் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி தேவைப்படும்போது டிக்கை எடுத்தால் மேலே வந்துவிடும். திரும்ப எழுதும் வேலையே இல்லை. அம்மாவுக்குப் போன் பழக்கமில்லை, பாக்கெட்டைப் பிரித்ததும் "டேய், உளுந்து போட்டுடு" என்று பேரனிடம் சொல்வார். அவன் டிக்கை எடுத்துவிடுவான்.

டிக் எப்போது செய்வது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். கூடையில் பொருள் விழுந்த உடனே செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர் அதே எண்ணெயை வாங்கி வந்திருப்பார். உங்கள் வீட்டில் நாலு பாக்கெட் சேர்வது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். அவசரத்துக்கு மொபைலில் ஆர்டர் போடுகிறவரும் பணம் கட்டிய உடனே டிக் செய்ய வேண்டும்.

ஆரம்பத்தில் போட்ட அளவு அப்படியே சரியாக இருக்காது. ஞாயிறு வருவதற்குள் ஒரு பொருள் இரண்டு வாரம் தொடர்ந்து தீர்ந்தால் ஒரு தடவைக்கு உரியதைக் கூட்டுங்கள். பிரிக்காத பாக்கெட் மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தால் அதன் இருப்பை எடுத்தே விடலாம். தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் இந்தக் குறைந்தபட்சத்தை மாற்ற வேண்டாம். கொண்டைக்கடலை, கடலை மாவு, நெய் எல்லாவற்றையும் அதற்கென்று தனிப் பட்டியலாகப் போட்டு, பண்டிகை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.