டி-ஷர்ட் படத்தில் சட்டைக் காலரும் டையும்: எல்லாம் கழுத்தில்தான்

"வேலைக்கு அனுப்ப என்னிடம் ஒரே ஒரு நல்ல போட்டோதான் இருக்கிறது. அதில் சிவப்பு ரவுண்ட் நெக் டி-ஷர்ட். நெட்டில் கிடைத்த சட்டையையும் டையையும் ஒட்டிப் பார்த்தேன். யாருடைய உடம்பிலோ என் தலையை வைத்த மாதிரி இருக்கிறது. எப்படிச் சரி செய்வது?"

முதலில் அந்த நெட் சட்டையைத் தூக்கிப் போடுங்கள். அது வேறொருவர் கழுத்துக்குப் பொருந்திய காலர், வேறு வெளிச்சத்தில் எடுத்த படம். உங்கள் சட்டையையே போட்டு, டை கட்டி, ஒரு படம் எடுங்கள். பழைய போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று மூக்கின் நிழலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே பக்கம் ஜன்னல் இருக்கும்படி நின்று, கேமராவை அதே உயரத்தில் வைத்து, ஆறேழு அடி தள்ளி யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம், கிட்டத்தில் எடுத்தால் முகம் பெரிதாகவும் தோள் சிறிதாகவும் விழும். இந்தப் புதுப் படத்திலேயே முகம் நன்றாக வந்துவிட்டால் ஒட்டு வேலையே தேவையில்லை, அதையே அனுப்பிவிடுங்கள்.

பழைய முகம்தான் வேண்டும் என்றால், ஃபோட்டோஷாப்போ பிரௌசரில் இலவசமாக ஓடும் ஃபோட்டோபீயோ போதும். அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். புதுப் படத்தை முகத்தோடு சேர்த்தே பழைய படத்தின் மேல் வைத்து, Opacity-யை 50% ஆக்குங்கள். இரண்டு படத்திலும் கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளி ஒன்றாகும் வரை Free Transform-இல் சுருக்குங்கள். பழைய படத்தில் அது 180 பிக்சல், புதியதில் 240 என்றால், புதியதை 75% ஆக்க வேண்டும். கண்ணும் தாடையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டால் காலரும் தன் இடத்துக்குத் தானாக வந்துவிடும். பிறகு Opacity-யை மறுபடி 100% ஆக்கிவிடுங்கள். தலை லேசாகச் சாய்ந்திருந்தால் சட்டையை அந்த அளவுக்கு முழுதாகச் சாய்க்காதீர்கள். தலை சாய்ந்தாலும் தோள் பெரும்பாலும் நேராகத்தான் நிற்கும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். காலரை ஒரே துண்டாக முன்னால் ஒட்டினால், அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். காலர் கழுத்தைச் சுற்றிப் போகும் பொருள். அதனால் மூன்று அடுக்கு வேண்டும்: அடியில் சட்டையும் காலரின் பின்பகுதியும், நடுவில் உங்கள் தலையும் கழுத்தும், மேலே காலரின் இரண்டு முன் இதழ்களும் டை முடிச்சும். கழுத்தைக் காலர் விளிம்போடு வெட்டாமல், இன்னும் கொஞ்சம் கீழே வரை விட்டு வெட்டுங்கள். மிச்சம் காலருக்குள் மறைந்துவிடும். ரவுண்ட் நெக்கில் கழுத்து அடிவரை தோல் தெரிவதால் இது சுலபம். அழிப்பானைத் தொடாமல் Layer Mask-இலேயே வேலை செய்யுங்கள், தப்பினால் திரும்ப வரையலாம். பழைய டி-ஷர்ட்டின் தோள் வெளியே எட்டிப் பார்த்தால், அந்த இடத்தைப் பின்னணியை வைத்து நிரப்பிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஏதோ இடிக்கிறதா? உங்கள் படத்தில் சந்தேகமே இல்லை, அந்தச் சிவப்புதான். டி-ஷர்ட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் சிவப்பாகப் படிந்திருக்கும். வெள்ளைச் சட்டைக்கு மேல் அது தனியாகக் காட்டிக்கொடுக்கும். தலை அடுக்குக்கு மேல் புது லேயர் ஒன்று போட்டு, அதன் கலவை முறையை Color என்று மாற்றுங்கள். கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தாடையின் அடியில் லேசாகப் பூசுங்கள். நிழல் அப்படியே இருக்கும், சிவப்பு மட்டும் போகும்.

அப்புறம் நிழல். தாடையின் நிழல் காலர் மேலும் முடிச்சின் மேலும் விழ வேண்டும். இன்னொரு புது லேயரின் கலவை முறையை Multiply என்று மாற்றி, சட்டையின் மடிப்பிலேயே உள்ள சாம்பல் நிறத்தை எடுத்து மெல்லப் பூசுங்கள். கறுப்பு எடுத்தால் அழுக்குப் பட்டது போல் ஆகிவிடும். காலர் விளிம்பை ஒட்டிக் கழுத்தின் மேலும் இரண்டு மூன்று பிக்சலுக்கு மெல்லிய நிழல் விடுங்கள். காலர் கழுத்தைத் தொடுகிறது என்று கண்ணை நம்பவைப்பது அந்தக் கோடுதான்.

வெளிச்சம் மறுபக்கமாகிவிட்டதே என்று சட்டையை இடம் வலமாகத் திருப்பாதீர்கள். பையும் பட்டன் பட்டியும் பக்கம் மாறிவிடும், சட்டை போடுகிற எவருக்கும் உறுத்தும். டையில் பொடிக் கோடுகளும் வேண்டாம். படம் சிறிதாகும்போது அலையலையாக நெளியும்.

இந்தப் படம் ரெஸ்யூமுக்கும் புரொஃபைலுக்கும் மட்டும். பாஸ்போர்ட், விசாவுக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்க விசா போன்றவற்றில் கணினியில் மாற்றிய படத்தை ஏற்கமாட்டார்கள். அதற்கு ஸ்டுடியோவுக்குச் சட்டையோடு போய்விடுங்கள்.