மஞ்சளை விரட்டப்போய் ரோஸ் வந்த மானிட்டர்

கேள்வி: ஆறு நாளுக்கு முன் 24 அங்குல மானிட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பக்கத்தில் இருக்கும் லேப்டாப்போடு ஒப்பிட்டால் வெள்ளைப் பக்கமெல்லாம் பழைய காகிதம்போல் மஞ்சளாக இருக்கிறது. மெனுவுக்குள் போய்ப் பச்சையை 100-லிருந்து 90-க்குக் குறைத்தேன். மஞ்சள் போய்விட்டது, இப்போது எல்லாம் ரோஸ் நிறம். திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா, அனுப்பிவிடவா?
– ஈரோடு வாசகர்

பதில்: ரோஸ் நிறத்தை வரவழைத்தது நீங்கள்தான், மானிட்டர் அல்ல. திரையில் மஞ்சளுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து நீலத்தை மிஞ்சினால் அதுதான் கண்ணுக்கு மஞ்சள். அந்த இரண்டில் பச்சையை மட்டும் நீங்கள் அடக்கிவிட்டீர்கள். சிவப்பும் நீலமும் 100-இல் நிற்க, பச்சை மட்டும் 90-இல் இருந்தால் வெள்ளை ரோஸ் பக்கம்தான் சாயும்.

ஆகவே முதல் வேலை, செய்ததை அழிப்பது. மானிட்டர் மெனுவில் Reset அல்லது Factory Reset என்று இருப்பதைக் கொடுங்கள். ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆலையில் வைத்த நிலைக்குத்தான் அது திரும்பும். சில மாடல்களில் அந்த நிலையே சற்று மஞ்சளானது. எனவே நிறப் பகுதியில் எந்த நிலை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். Warm என்றோ Reader என்றோ இருந்தால் மஞ்சளுக்கான காரணம் கிடைத்துவிட்டது. Low Blue Light என்ற வசதியையும் தேடி அணையுங்கள். பல மானிட்டர்களில் அது நிறப் பகுதியில் இருக்காது. கண் பாதுகாப்பு போன்ற வேறொரு தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். நீலத்தைக் குறைப்பதே அதன் வேலை. அதை அணைக்காமல் சிவப்பு பச்சையைத் திருத்துவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான்.

கணினிப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். விண்டோஸில் Settings, System, Display என்று போனால் Night light இருக்கும். மாலை ஆனதும் தானே எரியும்படி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். குற்றம் யாருடையது என்று சந்தேகமாக இருந்தால் வீட்டு செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளை மானிட்டரில் செருகிப் பாருங்கள். அதிலும் மஞ்சள் என்றால் மானிட்டர். கணினியில் மட்டும் மஞ்சள் என்றால் கணினியின் அமைப்பு.

இப்போது sRGB என்ற நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதன் வெள்ளை, பகல் வெளிச்சத்தின் வெள்ளையைக் குறிக்கும் 6500K என்ற அளவை ஒட்டி வைக்கப்படுவது. பல மாடல்களில் அந்த நிலையில் நிற அளவுகளையும் சில சமயம் வெளிச்சத்தையும்கூட மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு கையை வைக்க வேண்டாம்.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் திரைகள் பல 6500K-ஐவிட நீலமாக இருப்பவை. வருடக்கணக்கில் அதையே பார்த்த கண், அதுதான் வெள்ளை என்று பழகியிருக்கும். அதன் பக்கத்தில் சரியான திரையை வைத்தாலும் மஞ்சளாகவே படும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கால் மணி நேரம் மானிட்டரில் மட்டும் வேலை செய்யுங்கள். மஞ்சள் என்ற எண்ணமே மறைந்துவிட்டால் மானிட்டரில் கோளாறு இல்லை. வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு. மஞ்சள் பல்பின் கீழ் தாளே மஞ்சள்தான். பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் செய்தால் ஓரளவு பொருள் உண்டு.

அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிகிறதென்றால்தான் நிற அளவுகளுக்குப் போக வேண்டும். மானிட்டரை அரை மணி நேரம் எரியவிடுங்கள். நிலையை User என்பதற்கு மாற்றினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் திறக்கும். பெயிண்ட் செயலியில் மூன்றுக்கும் 200 என்று கொடுத்து ஒரு சாம்பல் நிறத்தை உருவாக்கி, அதைத் திரை முழுக்க நிரப்புங்கள். வெள்ளையைவிடச் சாம்பல்தான் சாயலைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் மானிட்டரில் நீலம் ஏற்கெனவே 100. அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. ஏற்ற இடமிருக்கும் மாடல்களிலும் ஏற்றாமல் இருப்பது நல்லது. ஓர் அளவுக்கு மேல் போனால் வெளிர் நிறங்களின் நுட்பம் அழிந்து, மேகமும் வெள்ளைச் சட்டையும் ஒரே பட்டையாகிவிடும். குறைவதை ஏற்றாமல் மிஞ்சுவதை இறக்குங்கள். சிவப்பு 98, பச்சை 98 என்று இரண்டையும் சேர்த்து இறக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இன்னும் மஞ்சளா? 96, 96. இப்போது சாம்பல் லேசாக ரோஸ் அடித்தால் பச்சை அதிகம் இறங்கிவிட்டது. அதை 97 ஆக்குங்கள். பச்சை அடித்தால் சிவப்பு அதிகம் இறங்கிவிட்டது. இப்படிப் போய் சிவப்பு 95, பச்சை 96, நீலம் 100 போன்ற ஓர் இடத்தில் நிற்கலாம். இந்த எண்களை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே மாடலின் இரண்டு மானிட்டர்களுக்குக்கூட ஒரே எண் பொருந்தாது. இறக்கியதில் திரை சற்று மங்கினால் Brightness-ஐ ஏற்றி ஈடுகட்டலாம். ஏதாவது ஒரு நிறத்தை 80-க்குக் கீழே இறக்கினால்தான் சாம்பல் சாம்பலாகும் என்றால், நான் அந்த மானிட்டரை வைத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. நிற அளவு திரை முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு மூலையை மட்டும் திருத்த அதனால் ஆகாது. நோட்பேடின் வெற்று ஜன்னலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தலையையும் கூடவே நகர்த்தி, நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நல்ல திரையும் நிறம் மாறும். போகப்போக வெள்ளை மஞ்சளாகவோ ரோஸாகவோ மாறினால் அது பேனலின் குறை. என் மேசைக்கு வந்த ஒரு மானிட்டரில் இடது பாதி ரோஸ், வலது பாதி மஞ்சள். இடதைத் திருத்தினால் வலது பச்சையானது. இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகுதான் திருப்பி அனுப்பினேன்.

உங்களுக்கு இருப்பது நான்கு நாள். இன்றே Reset-உம் நோட்பேட் சோதனையும் முடித்துவிடுங்கள். பேனல் குறை என்று தெரிந்தால் சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாமல், திருப்பி அனுப்பும் கோரிக்கையை உடனே பதிவு செய்யுங்கள். ஆதாரப் படம் எடுக்கும்போது ஒரு விஷயம்: கைபேசிக் கேமரா வெள்ளையைத் தானே திருத்திவிடும். முழுத் திரையும் மஞ்சள் என்று படத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் திரை முழுக்கச் சாம்பலை நிரப்பி, எதிரே நின்று, முழுத் திரையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தால் இரண்டு ஓரங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். விற்றவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.